அடிபட்ட காது உப்பினால்: காலிஃபிளவர் காது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்று மாலை மல்யுத்தப் பயிற்சியில் காதில் அடிபட்டது. காலையில் பார்த்தால் காதின் மேல்பாதி உப்பி, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. தானாக வற்றிவிடாதா?

வற்றாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். வலி பெரிதாக இல்லை என்பதால் பலரும் நான்கைந்து நாள் பொறுத்துப் பார்க்கிறார்கள். நான் பார்த்த கோணல் காதுகளில் பாதிக்கு மேல் அந்த நான்கைந்து நாளில் உருவானவைதான். காதுக்குள் தேங்கிய ரத்தம் முதல் இரண்டு நாளில் வெளியே வந்து, அது இருந்த இடமும் மூடிக்கொண்டால், காது பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும்.

கையிலோ தொடையிலோ ரத்தம் கட்டினால் பத்து நாளில் தானாகக் கரைந்துவிடுகிறதே. காதில் மட்டும் ஏன் அப்படி ஆவதில்லை?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே எளிதாகப் புரிந்துவிடும். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காது மடலைத் தொட்டுப் பாருங்கள். கீழே தொங்கும் சோணை மட்டும் மெதுவாக இருக்கும், அதில் கொழுப்பும் தோலும்தான். மற்ற பகுதி முழுக்க வளையக்கூடிய ஒரு தகடு. அதுதான் குருத்தெலும்பு, தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மடலின் மேடு பள்ளங்கள் எல்லாம் இந்தத் தகட்டின் வளைவுகளே. அதன் இரு பக்கமும் மெல்லிய ஓர் உறை ஒட்டியிருக்கிறது. அந்த உறையின் மேல் தோல்.

குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. அது உயிரோடு இருப்பதற்கு வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் மேலே ஒட்டியிருக்கும் உறையிலிருந்து கசிந்துதான் வர வேண்டும். உறை ஒட்டியிருக்கும் வரை குருத்தெலும்புக்குச் சாப்பாடு உண்டு. உறை விலகினால் அந்த இடம் பட்டினி கிடக்கும்.

காதின் முன்பக்கத்தில் தோல், உறை, குருத்தெலும்பு மூன்றும் இறுக்கமாக ஒட்டியிருக்கும். இடையில் கொழுப்பு மெத்தை எதுவும் இல்லை. எதிராளியின் தலையோ முழங்கையோ காதில் பட்டு, அழுத்தியபடியே இழுபடும்போது, தோலும் உறையும் ஒரு பக்கம் நகர, குருத்தெலும்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. உறை உரிந்து விலகுகிறது, அதிலுள்ள நுண்ணிய குழாய்கள் கிழிகின்றன, விலகிய இடத்தில் ரத்தம் நிரம்புகிறது. நேரடியாக விழும் குத்தைவிட இந்த உரசி இழுக்கும் விசைதான் அதிகம் கெடுக்கிறது. அதனால்தான் குத்துச்சண்டைக்காரர்களோடு மல்யுத்தம், ஜூடோ, ரக்பி ஆடுகிறவர்களுக்கும் இது அடிக்கடி வருகிறது.

தொடையில் ரத்தம் கட்டினால் சுற்றிலும் தசை, ஏராளமான குழாய்கள். அவை ரத்தத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். காதில் ஒரு பக்கம் குழாயே இல்லாத குருத்தெலும்பு, மறுபக்கம் இறுக்கமான உறை. ரத்தம் போக வழியில்லாமல் உறையை இன்னும் தள்ளிக்கொண்டு அங்கேயே நிற்கிறது.

அடுத்து இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடக்கின்றன. பட்டினி கிடக்கும் குருத்தெலும்பு சாகத் தொடங்குகிறது. அதே நேரம், விலகி நிற்கும் உறை சும்மா இருப்பதில்லை. புதுக் குருத்தெலும்பை உண்டாக்கும் செல்கள் அதில் இருக்கின்றன. காயம் பட்டதும் அவை விழித்துக்கொண்டு, உறைந்த ரத்தம் நிற்கும் அந்த இடத்தில் ஒழுங்கில்லாமல் புதுக் குருத்தெலும்பையும் தழும்புத் திசுவையும் வளர்க்கின்றன. இடம் வீங்கிய வடிவத்தில் இருப்பதால் வளர்வதும் அதே வடிவத்தில் வளர்கிறது. பிறகு தழும்பு சுருங்கும்போது காதையும் சேர்த்துச் சுருட்டுகிறது. மேடு பள்ளமெல்லாம் அழிந்து முண்டும் முடிச்சுமாக நிற்பதால்தான் காலிஃபிளவர் காது என்ற பெயர். ரோமில் 1885-இல் மண்ணிலிருந்து எடுத்த, உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரரின் பழைய வெண்கலச் சிலையில்கூட இதே வீங்கிய காதுகளைப் பார்க்கலாம். அந்தச் சிற்பி இதை நன்றாகக் கவனித்திருக்கிறார்.

சாதாரண வீக்கமா, உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணாடி முன் நின்று இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மடலின் வெளி விளிம்புக்கு உள்ளே ஒரு பள்ளம், அதை அடுத்து ஒரு மேடு, மேட்டின் மேல்பகுதியில் ஒரு முக்கோணக் குழி இருக்கும். வெறும் கன்றிப்போன காதில் தோல் சிவந்து தடித்திருந்தாலும் இந்த வரிகள் தெரியும். ரத்தம் தேங்கிய காதில் பள்ளம் நிரம்பி, வரிகள் மறைந்து, முன்பக்கம் வழவழவென்று ஒரு மேடாகிவிடும்.

அப்புறம் விரலால் மெல்லத் தொடுங்கள். நீர் நிறைந்த சிறு பை மாதிரி, ஒரு பக்கம் லேசாக அமுக்கினால் மறுபக்கம் எழும்பினால் உள்ளே திரவம் இருக்கிறது. நிறத்தை நம்ப வேண்டாம். சிலருக்கு ஊதா நிறமாக இருக்கும், சிலருக்குத் தோல் நிறத்திலேயே இருக்கும். வலியையும் நம்ப வேண்டாம். திரும்பத் திரும்ப உரசி வரும் வீக்கம் பெரிதாக வலிக்காமலே வளரும்.

காதோடு தலையிலும் அடி விழுந்திருக்கிறதா என்பதை மறக்காதீர்கள். மயக்கம், வாந்தி, குழப்பம், கடுமையான தலைவலி, காதுத் துளையிலிருந்து ரத்தமோ தெளிவான நீரோ வடிவது, காதுக்குப் பின்னால் நீலம் பாய்வது, திடீரென்று காது கேட்காமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் மடலின் வீக்கம் இரண்டாம் பட்சம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

எத்தனை நாளுக்குள் ரத்தத்தை எடுத்தால் காது தப்பும்?

முதல் சில மணி நேரம்தான் மிகச் சிறந்தது. ரத்தம் அப்போது இளகி இருக்கும், எடுப்பது சுலபம். 48 மணி நேரம் வரை நிலைமை நன்றாகவே இருக்கும். அதன் பிறகு ரத்தம் உறைந்து கெட்டியாகிவிடுவதால் ஊசியில் வராது, கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் தாண்டினால் அந்த இடத்தில் புதுத் திசு வளரத் தொடங்கியிருக்கும். அப்போது ரத்தத்தை வடிப்பது போதாது, வளர்ந்ததையும் சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

ஏழாம் நாள் என்பது கதவு அடைபடும் நாள் இல்லை. ஐந்தாம் நாளோ எட்டாம் நாளோ வருகிறவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. தாமதமாகிவிட்டதே என்று கூசிக்கொண்டு வராமல் இருந்துவிடாதீர்கள்.

மருத்துவர் என்ன செய்வார்? ஊசியா, கத்தியா? ரொம்ப வலிக்குமா?

முதலில் காதை மரக்கச் செய்வார்கள். வீங்கிய இடத்திலேயே குத்துவதற்குப் பதிலாக, காது தலையோடு சேரும் இடத்தைச் சுற்றி லிடோகைன் மருந்தைப் போட்டால் மடல் பெரும்பாலும் முழுக்க மரத்துவிடும். அந்த ஊசி சுருக்கென்று எரியும். அதற்குப் பிறகு அழுத்துவதும் இழுப்பதும்தான் தெரியும், வலி தெரியாது.

இரண்டு சென்டிமீட்டருக்குள் உள்ள சின்ன வீக்கம், இரண்டு நாளுக்குள் வந்திருக்கிறீர்கள் என்றால் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது உண்டு. சற்றுத் தடித்த, 18 எண் ஊசி வேண்டும், மெல்லிய ஊசியில் ரத்தம் அடைத்துக்கொள்ளும். ஒரு கையால் உறிஞ்சியபடியே மறுகை விரலால் மேட்டைப் பிதுக்கிக் கடைசித் துளிவரை எடுக்க வேண்டும்.

வீக்கம் பெரிதாக இருந்தாலோ, நாள் கடந்திருந்தாலோ, ஊசியில் எடுத்தும் மறுபடி நிரம்பினாலோ சிறு கீறல்தான் நல்லது. மடலின் மடிப்பு ஓடும் போக்கிலேயே, வளைவின் நிழலில் மறையும்படி கீறுவார்கள், பிறகு தழும்பு கண்ணில் படாது. அந்தக் கீறல் வழியாக ஜெல்லி மாதிரி உறைந்த ரத்தத்தை எடுத்துவிட்டு, உள்ளே சலைன் நீரால் கழுவுவார்கள். எனக்குக் கீறல்தான் பிடிக்கும். ஊசியில் உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிறு கட்டி தங்கினாலும் அதைச் சுற்றித்தான் பிறகு முடிச்சு வளரும். எல்லா மருத்துவர்களும் இதில் ஒரே கருத்து உடையவர்கள் இல்லை. சின்னதாக, அன்றே வந்த வீக்கத்துக்கு ஊசி போதும் என்பவர்களும் உண்டு.

ரத்தம்தான் வெளியே வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு ஒரு வாரம் கட்டும் தையலும்?

ரத்தத்தை எடுப்பது பாதி வேலை. விலகிய உறை குருத்தெலும்பில் மறுபடி ஒட்டினால்தான் மீதி பாதி முடியும். வெறுமனே வடித்துவிட்டு விட்டால் அந்தப் பை காலியாக நிற்கும், சில மணி நேரத்தில் மறுபடி ரத்தமோ நீரோ ஊறி நிரம்பிவிடும்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 19 வயது மல்யுத்த வீரர். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வலது காதில் அடி. ஞாயிறு முழுக்க ஐஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் திங்கள் காலை 10 மணிக்கு வந்தார், கணக்குப்படி 40 மணி நேரம். மேல்பகுதியில் மூன்று சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வீக்கம். ஊசி போட்டேன். இரண்டு மில்லி கருத்த ரத்தம் வந்தது, அதோடு நின்றுவிட்டது, மேடு பாதிதான் இறங்கியது. அதனால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கீறி, உறைந்த கட்டிகளை எடுத்துக் கழுவினேன். வரிகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பள்ளங்களில் ஈரப் பஞ்சை அடைத்து, காதுக்குப் பின்னால் துணி மெத்தை வைத்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு அனுப்பினேன்.

செவ்வாயன்று பிரித்துப் பார்த்தபோது நன்றாக இருந்தது. புதன் இரவு அரிப்புத் தாங்காமல் கட்டைத் தளர்த்திக்கொண்டு, அந்தப் பக்கமே ஒருக்களித்துப் படுத்துவிட்டார். வியாழக்கிழமை வந்தபோது பாதி வீக்கம் திரும்பியிருந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவ்வளவு பெரிய வீக்கத்துக்கு முதல் நாளே தையல் போட்டிருக்க வேண்டியது நான்தான். தலையைச் சுற்றிய கட்டு எப்படியும் நகரும், தையல் நகராது.

அதே கீறலைத் திறந்து வடித்தேன். இந்த முறை பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சின்னப் பஞ்சு உருளைகளைக் காதின் முன்னும் பின்னும் வைத்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை குருத்தெலும்பின் ஊடாக ஊசியை ஓட்டி, இரண்டு உருளைகளையும் சேர்த்துத் தைத்தேன். உருளைகள் தோலையும் உறையையும் குருத்தெலும்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், இடையில் பைக்கு இடமே இருக்காது. எட்டாம் நாள் தையலை எடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது விரலில் தட்டுப்படும் சிறு தடிப்பு மட்டும் மிச்சம், கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

தையலை மிக இறுக்கக் கூடாது, இறுக்கினால் தோலுக்கே ரத்தம் போகாமல் அந்த இடம் கறுக்கும். தையல் போட்ட பிறகு வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினால் அதைச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

என்னோடு பயிற்சி செய்கிற சிலர் சிரிஞ்ச் வாங்கித் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். நானும் செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். இப்போதுதான் பார்த்தோம், எடுப்பதைவிட மூடுவதுதான் கடினம். வீட்டில் எடுத்தால் மறுநாளே நிரம்பும், மறுபடி குத்துவீர்கள், ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாசல். குருத்தெலும்பில் ரத்த ஓட்டம் இல்லாததால் உடம்பின் எதிர்ப்பும் மருந்தும் அங்கே மெதுவாகத்தான் போய்ச் சேரும். சீழ் பிடித்தால் சில நாளிலேயே குருத்தெலும்பு கரைந்து, காது மடல் தன் வடிவத்தையே இழந்து தொய்ந்துவிடும். காலிஃபிளவர் காதைவிட அது மோசம்.

காந்தங்களை இரு பக்கமும் ஒட்டி அழுத்துவதும் பரவலாக நடக்கிறது. வடித்த பிறகு மருத்துவரின் மேற்பார்வையில் அழுத்தம் கொடுக்க எந்தக் கருவியும் உதவலாம். ரத்தம் உள்ளே இருக்கும்போதே அழுத்தினால் அது பக்கவாட்டில் இன்னும் உறையை உரித்துக்கொண்டு போகும். நீவி விடுவதும் அதே கெடுதலைத்தான் செய்யும்.

மருத்துவரைப் பார்க்கும் வரை என்ன செய்வது?

பயிற்சியை அப்போதே நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸை பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல ஒற்றி எடுங்கள். அடிபட்ட உடனே செய்தால் ரத்தம் சேர்வது கொஞ்சம் குறையும், சேர்ந்துவிட்ட ரத்தத்தை ஐஸ் கரைக்காது. சூட்டு ஒத்தடம் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும், தவிர்ப்பது நல்லது. வேறு நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொன்னால் போதும்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

மறுநாள் கட்டாயம் காட்ட வேண்டும். மறுபடி நிரம்புவது பெரும்பாலும் முதல் சில நாளில்தான் நடக்கும், அதனால் தினமும் பார்க்கச் சொன்னால் சலித்துக்கொள்ளாமல் போங்கள். கட்டு நனையக் கூடாது, அந்தப் பக்கம் படுக்கக் கூடாது.

நுண்ணுயிர்க் கொல்லி மருந்து கொடுத்தால் சொன்ன நாள் வரை முழுக்கச் சாப்பிடுங்கள். காதுக் குருத்தெலும்பைக் கெடுக்கும் கிருமிகளில் முக்கியமானது சூடோமோனாஸ். வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகளுக்கு அது கட்டுப்படாது, அதனால் பழைய சீட்டைப் பார்த்து வீட்டில் மிச்சமிருப்பதைச் சாப்பிடுவது உதவாது. மடல் முழுக்கச் சிவந்து, சுட்டு, தொட முடியாமல் வலித்து, கீழே சோணை மட்டும் இயல்பாக இருந்தால் குருத்தெலும்பில் தொற்று ஏறியிருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் சோணையில் குருத்தெலும்பே இல்லை. காய்ச்சலுக்காகக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

எனக்கு அடியே படவில்லை. ஆனாலும் காதின் முன்பக்கம் இதே மாதிரி வீங்கியிருக்கிறது.

அடிபடாமலும் குருத்தெலும்புக்குள்ளேயே வைக்கோல் நிற நீர் சேர்வது உண்டு. வலி அவ்வளவாக இருக்காது, உறிஞ்சினால் ரத்தம் வராது, நீர்தான் வரும். அதற்கும் வடித்து அழுத்துவதே சிகிச்சை. ஆனால் அது வேறு நோய், மருத்துவர் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

சிறு குழந்தையின் காதில் காரணம் தெரியாமல் ரத்தம் கட்டியிருந்தால் நாங்கள் வேறு கேள்விகளும் கேட்போம். யாராவது அறைந்திருக்கலாம், காதைப் பிடித்து இழுத்திருக்கலாம். அந்தக் கேள்விகள் பெற்றோரைப் புண்படுத்தலாம். ஆனாலும் குழந்தைக்காக அதைக் கேட்டே ஆக வேண்டும்.

எப்போது மறுபடி விளையாடலாம்? தலைக்கவசம் போட்டால் போதுமா?

தையலோ கட்டோ இருக்கும் வரை கூடவே கூடாது. எடுத்த பிறகும் ஒட்டிய உறை புதுசு, லேசான உரசலிலேயே மறுபடி விலகும். நான் தையல் எடுத்த பிறகு இன்னும் ஒரு வாரமாவது பொறுக்கச் சொல்வேன், திரும்பும்போது காதை மூடும் கவசத்தோடுதான். கவசம் ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது. தளர்வாக இருந்தால் அதுவே நகர்ந்து காதை உரசும், அதனால் வாரை இறுக்கி, தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

என் காது இரண்டு வருடத்துக்கு முன்பே கல் மாதிரி ஆகிவிட்டது. இனி ஏதாவது செய்ய முடியுமா? காது கேட்பது குறையுமா?

மடல் கெட்டதால் மட்டும் செவித்திறன் பெரிதாகக் குறையாது. முடிச்சு வளர்ந்து காதுத் துளையை நெருக்கினால் அழுக்கு அடைத்துக் கேட்பது மந்தமாகலாம், காதில் செருகும் ஒலிக்கருவியும் பொருந்தாமல் போகலாம்.

இப்போது வடிக்க அங்கே எதுவும் இல்லை. கெட்டியாகிவிட்ட குருத்தெலும்பைத் தோலைத் திறந்து செதுக்கி மெலிதாக்கலாம், மிகவும் சிதைந்திருந்தால் விலா எலும்பின் குருத்தெலும்பை எடுத்து வைத்து வடிவம் கொடுக்கலாம். தோற்றம் நன்றாகவே மாறும், ஆனால் முன்பிருந்த நுணுக்கமான வளைவுகள் அப்படியே திரும்பாது. மோதும் விளையாட்டை இன்னும் தொடர்கிறீர்கள் என்றால், அதை நிறுத்தும் காலம் வரும்வரை இந்த அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொல்வேன். செதுக்கிய காதும் அடுத்த அடியில் இதே மாதிரிதான் உரியும்.